சாயலும் தெளிவும்

நுழையும்முன்

வளர்ந்தபின் ஒரு மொழியைக் கற்கத் தொடங்குவோர் பலர், அதைத் தாய்மொழியாகக் கொண்டோரைப் போலவே பேசிவிட வேண்டும் என்று விழைகின்றனர். அவ்விழைவு எந்த அளவுக்கு நிறைவேறக்கூடியது? முழுமையாக நிறைவேறாது எனில் எதை இலக்காகக் கொள்வது? தமிழ் கற்கும் வங்க மருத்துவர் ஒருவரின் நிலையைக் கொண்டு இப்பாடம் இவ்வினாக்களை ஆராய்கிறது.

மருத்துவரின் தமிழ்

மேற்கு வங்கத்தில் பிறந்து வளர்ந்த பெண் மருத்துவர் ஒருவர், தம் 32ஆம் வயதில் தமிழ்நாட்டு மருத்துவமனை ஒன்றில் பணியேற்பதாகக் கொள்வோம். அவர் ஓராண்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கவும் நோயாளிகளிடம் உரையாடவும் கற்றுக்கொள்கிறார். ஆயினும் அவர் வாய் திறந்ததுமே, "நீங்கள் எந்த ஊர் அம்மா?" என்று நோயாளிகள் கேட்டுவிடுகின்றனர். அக்கேள்வி அவரை வருத்துகிறது. தமக்குத் தமிழ் கற்பிப்பவரிடம், "கேட்பவர்கள் என்னைத் தமிழ்ப்பெண் என்றே எண்ண வேண்டும். அதற்கு என்ன செய்வது?" என்கிறார். ஆசிரியரும் மகிழ்ந்து ழகரப் பயிற்சியைத் தொடங்குகிறார். வாழைப்பழம், மழை, கிழவி எனச் சொற்கள் நீள்கின்றன. மூன்று திங்கள் கழிகின்றன. ழகரம் ஒருவாறு வருகிறது; கேள்வியோ நிற்கவில்லை.

இதற்கிடையே புறநோயாளர் பிரிவில் வேறொன்று நிகழ்ந்துகொண்டிருக்கிறது. 'பல்' வலிக்கிறதா என்று அவர் கேட்க, முதியவர் ஒருவர் 'பால்' குடித்ததைப் பற்றி விடை சொல்கிறார். 'அரை' மாத்திரை என்று அவர் சொன்னதை ஒரு மூதாட்டி 'ஆறு' மாத்திரை என்று வாங்கிக்கொள்கிறார். 'ஊர் எது?' என்னும் கேள்வி மனத்தைத்தான் சுடுகிறது. இரண்டாவது பிழையோ நோயாளியின் உடலைத் தொடுகிறது. ஆசிரியரும் மாணவியும் மூன்று திங்கள் உழைத்தது முதலாவதைக் களையவே.

செவி முந்துகிறது

வயது வந்தோர்க்கு அயல்மொழி ஒலிகள் ஏன் எளிதில் வாய்ப்பதில்லை? நாக்கு முதிர்ந்து விறைத்துவிடுகிறது என்று பலர் எண்ணுவர். தடை பெரிதும் இருப்பது செவியில். இன்னும் சரியாகச் சொன்னால், செவி கொணரும் ஒலிகளை வகைப்படுத்தும் மூளையில்.

1984இல் வெர்க்கர், டீஸ் என்னும் இரு கனடிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்குகிறது. அவர்கள் எடுத்துக்கொண்ட ஒலிகளுள் ஓர் இணை தமிழர்க்கு நன்கு தெரிந்ததே: நாக்கு பல்லைத் தொடப் பிறக்கும் தகரமும், நாக்கு மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொடப் பிறக்கும் டகரமும். இந்தியில் இவ்விரண்டும் பொருளை வேறுபடுத்துவன. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. ஆங்கிலச் சூழலில் வளரும் குழந்தைகளுக்கு இந்தி ஒலிகளை ஒலிபரப்பி, ஒலி மாறியவுடன் தலையைத் திருப்புகின்றனரா என்று கவனித்தனர். ஆறு முதல் எட்டுத் திங்கள் வயதுள்ள குழந்தைகளுள் பெரும்பாலோர் வேறுபாட்டை உணர்ந்து தலையைத் திருப்பினர். பத்து முதல் பன்னிரண்டு திங்களுக்குள் அத்திறன் பெருமளவு மறைந்துவிட்டது.

குழந்தை எதையோ இழந்துவிட்டது என்று இதனைக் கொள்ளலாகாது. தன்னைச் சூழ்ந்த மொழிக்குத் தேவையற்ற வேறுபாடுகளைப் புறக்கணிக்க அது கற்றுக்கொண்டது. அப்படிக் கற்பதால்தான் அடுத்த ஆண்டில் விரைவாகச் சொற்களைப் பற்றிக்கொள்கிறது. முப்பது ஆண்டுகள் கழித்து வேறொரு மொழியைக் கற்கும்போது, அந்தப் பழைய சல்லடையே குறுக்கே நிற்கிறது. மருத்துவர் 'பல்', 'பால்' என்னும் இரண்டையும் ஒன்றுபோல் ஒலிப்பதற்குக் காரணம், அவர் செவிக்கு அவை ஏறத்தாழ ஒன்றாகவே கேட்பதுதான்.

வயதின் இப்பங்கை இத்தாலியிலிருந்து கனடாவில் குடியேறிய 240 பேரைக் கொண்டு ஃபிளெகி என்பவரும் உடனாய்வாளர்களும் 1995இல் ஆராய்ந்தனர். அவர்கள் 2 வயது முதல் 23 வயதுக்குள் கனடாவுக்கு வந்தவர்கள். ஆய்வின்போது பல்லாண்டுகளாக அங்கேயே வாழ்ந்திருந்தவர்கள். வந்து சேர்ந்த வயது கூடக் கூட, அவர்களது ஆங்கிலத்தில் இத்தாலியச் சாயலும் படிப்படியாகக் கூடியிருந்தது. ஒரு குறிப்பிட்ட பிறந்தநாளோடு கதவு திடீரெனச் சாத்தப்படுவதில்லை. அது மெல்ல மெல்லச் சாய்கிறது.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. ஆங்கிலத்தில் மிக உயர்ந்த தேர்ச்சி பெற்ற நெதர்லாந்து நாட்டவர் சிலரது பேச்சை ஆங்கிலேயரே தம்மவர் பேச்சு என மதிப்பிட்டதை, போங்கார்ட்ஸ் என்னும் ஆய்வாளர் 1990களில் காட்டினார். ஆனால் அவர்கள் பொறுக்கியெடுக்கப்பட்டவர்கள். நெடுங்காலம் முறையான ஒலிப்புப் பயிற்சி பெற்றவர்கள். ஆங்கிலத்துக்கு மிக நெருங்கிய உறவுடைய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். சிலரால் இயலும் என்பது இதனால் தெளிவு. பணிக்கு நடுவே மாலையில் ஒரு மணி நேரம் படிப்பவர்க்கு அதையே இலக்காக வைப்பது முறையாகுமா என்பது வேறு வினா.

தெரிந்து தெளிவோம்

ஜோசப் கான்ராட் (1857 – 1924) போலந்து மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர். இருபது வயதை ஒட்டியே ஆங்கிலம் கற்கத் தொடங்கிய அவர், ஆங்கிலப் புதின ஆசிரியர்களுள் முன்னிலையில் வைத்து எண்ணப்படுகிறார். ஆயினும் அவரது பேச்சில் இறுதிவரை போலந்துச் சாயல் மிகுந்திருந்தது. சொல்லும் இலக்கணமும் வயது வந்தபின் உச்சத்தை எட்டலாம், ஒலிப்பு மட்டும் பின்தங்கலாம் என்னும் இந்நிலைக்கு ஸ்கோவெல் என்னும் மொழியியலறிஞர் கான்ராட்டின் பெயரையே இட்டார்.

மூன்றும் ஒன்றல்ல

அயற்சாயல் மிகுந்தால் பேச்சு விளங்காது என்பது பலரும் ஆராயாமல் ஏற்றுக்கொண்ட கருத்து. கனடாவைச் சேர்ந்த மன்றோ, டெர்விங் ஆகிய இருவரும் 1995இல் அதனை நேராகச் சோதித்தனர். சீன மொழியினர் பத்துப் பேர் ஆங்கிலத்தில் பேசியவற்றைப் பதிவுசெய்து, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர்க்கு ஒலிக்கச் செய்தனர். கேட்டவர்கள் மூன்று வேலைகளைச் செய்தனர். கேட்டதைச் சொல்லுக்குச் சொல் எழுதினர். புரிந்துகொள்ள எவ்வளவு முயற்சி தேவைப்பட்டது என்று மதிப்பிட்டனர். அயற்சாயல் எவ்வளவு என்றும் மதிப்பிட்டனர்.

அயற்சாயல் மிகக் கடுமையானது என மதிப்பிடப்பட்ட தொடர்கள் பலவற்றை, அப்படி மதிப்பிட்டவர்களே ஒரு சொல்லும் பிழையின்றி எழுதியிருந்தனர். சாயல் என்பது பேச்சு கேட்பவரின் வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதைக் காட்டும் அளவு. தெளிவு என்பது பேசியவர் கருதிய சொல்லே கேட்டவரைச் சென்று சேர்ந்ததா என்பது. இவற்றுக்கு இடையில் நிற்பது கேட்பவர் படும் முயற்சி; பொருள் முழுதும் விளங்கினாலும், கூர்ந்து கேட்டே விளங்கிக்கொள்ள நேர்ந்தால் கேட்பவர் களைத்துப்போவார். மூன்றும் ஒன்றோடொன்று உறவுடையன, ஒன்றே அல்ல.

இதனால் கற்பிக்கும் முறையில் ஒரு பெரிய மாற்றம் விளைகிறது. சாயலைக் களைவதே இலக்கு எனில், விலகும் ஒலிகள் எல்லாமே பிழைகள். எல்லாவற்றையும் திருத்த வேண்டும். தெளிவே இலக்கு எனில், எந்த விலகல் சொல்லை மாற்றிவிடுகிறது என்பதே கேள்வி.

எதைத் திருத்துவது?

வங்க மருத்துவரிடம் திரும்புவோம். வங்க மொழியில் உயிரொலியின் நீளம் பொருளை வேறுபடுத்துவதில்லை. வங்க எழுத்து முறையில் இகரத்துக்கும் ஈகாரத்துக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. பேச்சிலோ இரண்டும் ஒன்றே. தமிழிலோ குறில் நெடில் வேறுபாடே சொற்களின் முதுகெலும்பு. கல், கால், எடு, ஏடு, நொய், நோய், இடு, ஈடு எனப் பட்டியல் முடிவின்றி நீளும். குறிலும் அல்லாமல் நெடிலும் அல்லாமல் நடுவான அளவில் ஒருவர் ஒலித்தால், கேட்பவர் ஒவ்வொரு சொல்லையும் ஊகித்தே அறிய வேண்டியிருக்கும்.

அடுத்தது வகரம். ரவீந்திரநாத் என்று தமிழர் சொல்லும் பெயரை வங்கத்தார் ஏறத்தாழ 'ரொபிந்த்ரொநாத்' என்கின்றனர். வடமொழி வகரம் அவர்கள் வாயில் ஒலிப்புடைய பகரமாகிவிட்டது. ஆகவே மருத்துவர் 'வயிறு' என்பது 'பயிறு' போலவும், 'வால்' என்பது 'பால்' போலவும் கேட்கின்றன. தமிழில் வ, ப இரண்டும் சொல்லின் முதலில் நின்று எத்தனையோ சொற்களை வேறுபடுத்துகின்றன.

இனி, அவரது பேச்சில் எல்லாரும் உடனே கவனிக்கும் சாயல் ஒன்று உண்டு. சகரத்தை அவர் பெரும்பாலும் ஷகரமாகவே ஒலிக்கிறார். 'சாப்பிட்டீர்களா' என்பது 'ஷாப்பிட்டீர்களா' ஆகிறது. காதுக்கு இது பெரிய விலகல். ஆனால் தமிழில் சகரத்துக்கு மாறாக ஷகரம் நின்று வேறு பொருள் தரும் சொல்லிணைகள் அரிது என்பதால், கேட்பவர் எவரும் குழம்புவதில்லை. 'எந்த ஊர்?' என்ற கேள்வியைத் தூண்டுவதில் இதற்குப் பெரும் பங்கு இருக்கலாம். நோயாளியைத் தவறாக மருந்துண்ணச் செய்வதில் பங்கே இல்லை.

ழகரம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. வலி, வழி, வளி என்னும் மூன்றையும் வகுப்பறையில் தனித்தனியே சொல்லிக் காட்டுவது வழக்கம். ஆனால் சொற்கள் தனியே நடமாடுவதில்லை. "தினமும் ஒரு பலம் சாப்பிடுங்கள்" என்று மருத்துவர் சொன்னாலும் நோயாளி பழத்தையே உண்பார். "புலி சேர்க்காதீர்கள்" என்றால் சிரித்துக்கொண்டே புளியை ஒதுக்குவார். இச்சொற்களை இடம் காப்பாற்றிவிடுகிறது. அரைக்கும் ஆறுக்கும் அக்காப்பு இல்லை. மாத்திரை என்னும் சொல்லுக்கு முன் இரண்டுமே இயல்பாகப் பொருந்துவன. ஒலி வேறுபாடு ஒன்றின் பயன், அது எத்தனை சொல்லிணைகளைத் தாங்குகிறது என்பதையும், இடம் அதற்கு உதவாதபோது விளையும் தீங்கையும் பொறுத்தே அமைகிறது. எண், அளவு, பெயர், முகவரி ஆகியவை இடத்தின் துணை மிகக் குறைந்த இடங்கள். தொலைபேசியிலும் இரைச்சல் மிக்க கூடத்திலும் இத்துணை இன்னும் மெலிந்துவிடும்.

அளந்தறிதல்

தெளிவை மதிப்பிடத் தம் செவியையோ ஆசிரியரின் செவியையோ நம்பலாகாது. ஆசிரியர் ஓராண்டாக அவரைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டார். அவருக்கு எல்லாம் விளங்கும். உடன் பணிபுரியும் செவிலியர்க்கும் அப்படியே. அவர் பேச்சை இதற்குமுன் கேட்டறியாத ஒருவர் வேண்டும்.

மருத்துவர் இருபது தொடர்களைப் பேசிப் பதிவுசெய்கிறார். தொடர்கள் சிறியனவாகவும், அடுத்து வரும் சொல் இன்னதென்று முன்கூட்டியே ஊகிக்க முடியாதனவாகவும் இருக்க வேண்டும். "மழையில் நனையாதீர்கள்" என்பது பயன்படாது. ஒலி எப்படி இருப்பினும் கேட்பவர் சரியாக எழுதிவிடுவார். "அவர் கல்லைத் தொட்டார்" என்பது பயன்படும். அங்கே காலும் பொருந்தும். புதியவர் ஒருமுறை மட்டும் கேட்டு எழுதுகிறார். பின்னர் எழுதிய தாளையும் பேசிய தொடர்களையும் ஒப்பிட்டு, மாறிப்போன சொற்களை மட்டும் தனியே எடுக்க வேண்டும். அச்சொற்கள் உதிரியாக இரா. ஓரிரு குற்றங்களையே மீண்டும் மீண்டும் சுட்டும். வங்க மருத்துவரின் தாளில் குறில் நெடில் மயக்கமே பெரும்பகுதியாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம், அடுத்து வகரம், ஷகரம் அதில் இடம்பெறவே பெறாது.

திருத்தும் பணி செவியிலிருந்தே தொடங்குகிறது. ஜப்பானியர்க்கு ஆங்கில ரகர லகர வேறுபாட்டைக் கற்பித்த ஆய்வுகள் 1990களில் ஒன்றைத் தெளிவாக்கின. ஒரே ஆசிரியரின் குரலைக் கேட்டுப் பழகுவதைவிட, ஆண், பெண் எனப் பலருடைய குரல்களில், பல சொற்களில் வேறுபாட்டைக் கேட்டுப் பழகுவதே புதிய குரல்களிலும் பயன் தருகிறது. ஆகவே பலர் சொன்ன பல், பால், கல், கால் முதலியவற்றை மருத்துவர் கேட்கிறார். கேட்டதும் இரு படங்களுள் ஒன்றைச் சுட்டுகிறார். சரியா தவறா என்பது அப்போதே சொல்லப்படுகிறது. செவி பிரித்தறியத் தொடங்கியபின் வாய்க்கு வேலை வருகிறது.

வாய்ப்பயிற்சிக்குத் தமிழ் இலக்கணமே ஓர் அளவுகோலைத் தருகிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை. கண்ணிமைக்கும் நேரமும் கைந்நொடிக்கும் நேரமும் ஒரு மாத்திரை எனத் தொல்காப்பியம் வரையறுக்கிறது. மேசையில் விரலால் தட்டி, குறிலுக்கு ஒரு தட்டும் நெடிலுக்கு இரண்டு தட்டும் என ஒலித்துப் பழகுவது, இலக்கணம் அறியாதவர்க்கும் எளிது. விரைந்த பேச்சில் நெடில் சரியாக இருமடங்கு நீள்வதில்லை. ஆயினும் தொடக்கத்தில் வேறுபாட்டை மிகுத்துக் காட்டுவது நல்லதே. வகரத்துக்கோ கண்ணாடி போதும். பகரத்தில் இதழ்கள் இரண்டும் ஒட்டுகின்றன. வகரத்தில் மேற்பல் கீழிதழை நெருங்குகிறதே அன்றி இதழ்கள் ஒட்டுவதில்லை.

ஒலி கைகூடும்வரை நோயாளிகள் காத்திருக்க இயலாது. அதனால் தெளிவை இலக்காகக் கொள்பவர் சொல்லையும் மாற்றிக்கொள்ளலாம். 'அரை மாத்திரை' என்பதை விட்டுப் 'பாதி மாத்திரை' என்றால் ஆறோடு குழம்ப வழியே இல்லை. "பாட்டி, எத்தனை மாத்திரை என்று நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள்" என்று கேட்டு, விடையைக் காதால் கேட்டபின் அனுப்பலாம். தாய்மொழியாளரைப் போலத் தோன்ற விரும்புபவர் இத்தகைய வழிகளை நாடத் தயங்குவார்; மறுபடி கேட்பது தம் குறையைக் காட்டிவிடும் என்று அஞ்சுவார். அவ்வச்சமே சாயலை இலக்காகக் கொள்வதன் பெருங்கேடு.

கேட்பவரின் பங்கு

தெளிவு பேசுபவரின் நாவில் மட்டும் இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ரூபின் என்பவர் நடத்திய ஆய்வு 1992இல் வெளிவந்தது. அமெரிக்கப் பெண் ஒருவர் பேசிய விரிவுரைப் பதிவை மாணவர்க்கு ஒலிக்கச் செய்தார். ஒரு குழுவினர் முன் வெள்ளை இனப் பெண்ணின் படமும், மற்றொரு குழுவினர் முன் ஆசியப் பெண்ணின் படமும் வைக்கப்பட்டன. குரல் ஒன்றே, ஆசிய முகத்தைக் கண்டவர்கள் இல்லாத அயற்சாயலைக் கேட்டனர். அவர்கள் உரையைப் புரிந்துகொண்டதும் குறைவாகவே இருந்தது. எதிர்பார்ப்பு செவியை அடைத்துவிட்டால், பேசுபவர் எத்துணை முயன்றாலும் பயனில்லை. பழக்கம் அதே செவியைத் திறக்கவும் செய்கிறது. மருத்துவரோடு ஒரு வாரம் பழகிய செவிலியர்க்கு அவர் சொல்வன தடையின்றி விளங்குவது அதனால்தான்.

யாரைப் போல?

'தமிழரைப் போல' என்னும் இலக்கில் இன்னும் ஓர் இடர் உண்டு. எந்தத் தமிழரைப் போல? தென் மாவட்டங்கள் பலவற்றில் ழகரம் ளகரமாக ஒலிக்கிறது. சென்னைப் பேச்சில் யகரமாவதும் உண்டு. றகரமும் ரகரமும் தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் பேச்சில் ஒன்றாகிவிட்டன. கொங்கு நாட்டார் சொல்லும் தொடரின் ஏற்ற இறக்கம் நெல்லையில் இல்லை. யாழ்ப்பாணத்தார் பேச்சு இவற்றினின்றும் வேறு. இவருள் எவரும் மற்றவர்க்கு விளங்காமற் போவதில்லை. குறிலும் நெடிலும், வகரமும் பகரமும் இவ்வட்டாரங்கள் எங்கும் பொருள் வேறுபாட்டைக் காத்து நிற்பதைக் காண, முன்னர்க் கூறிய வரிசை முறையின் பொருத்தம் இன்னும் விளங்கும்.

நாடகத்தில் நடிப்பவர், குரல் கொடுப்பவர் போன்றோர்க்கு ஒரு வட்டாரத்தின் சாயல் முழுமையாகத் தேவைப்படலாம். அது அவர்தம் தொழில். மருத்துவர்க்கு அது விருப்பமே அன்றித் தேவையன்று. இருபது தொடர்களைப் புதியவர் ஒருவர் பிழையின்றி எழுதும் நிலையை அடைந்தபின், அவர் ழகரத்துக்குத் திரும்புவதில் தடையேதும் இல்லை. நாவின் நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தடவ ழகரம் பிறக்கிறது என்று தொல்காப்பியம் காட்டும் வழியையே அவர் பின்பற்றலாம். நாளடைவில் அவர் 'வாழைப்பழம்' என்று செம்மையாகச் சொல்லுங்கால், எதிரே அமர்ந்திருக்கும் சென்னை நோயாளி, "வாயப்பயம் சாப்பிடலாமா டாக்டரம்மா?" என்று திருப்பிக் கேட்கவும் கூடும்.